விலா எலும்பும் என் ஆறாம் பக்கமும்: சொந்தத் தமிழில் எழுதினாலும் திருட்டா?

தோவாளைப்பூ (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் நம்ம குமரி மாவட்டத்தில் ஒரு இறையியல் கல்லூரியில் முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கு ஒரு செமினார் பேப்பர் உண்டு. தலைப்பு, ஆதாமின் விலா எலும்பிலிருந்து பெண் படைக்கப்பட்டதைச் சொல்லும் ஆதியாகமம் 2:21–25 பகுதியை உரையாசிரியர்கள் எப்படி வாசித்தார்கள் என்பது. தமிழில் எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன்.

முதல் வரைவை ஆசிரியரிடம் கொடுத்தேன். ஆறாம் பக்கத்தில் மூன்று பத்திகளைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் "இது உன் சொல்லா, ஹென்றியின் சொல்லா?" என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார். அவர் வெளியூர் போயிருக்கிறார். திரும்பி வர பத்து நாள் ஆகும், அதற்குள் திருத்த வேண்டும்.

மாத்யூ ஹென்றி பழைய வேதாகம உரையாசிரியர், அவர் உரை ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் எழுதியது தமிழ். ஒவ்வொரு சொல்லும் நானே யோசித்துப் போட்டது. பத்தி முடிவில் அடிக்குறிப்பும் இருக்கிறது. ஒரு வாக்கியத்துக்கு மட்டும் குறிப்பு போடவில்லை. அது மார்த்தாண்டம் முதல் குளச்சல் வரை எந்தக் கல்யாண ஆராதனைக்குப் போனாலும் கேட்கிற வாக்கியம், எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். வட்டம் போட்ட பத்திகளில் ஒன்று இது:

"பெண் ஆணை ஆளாதபடிக்கு அவன் தலையிலிருந்து எடுக்கப்படவில்லை, அவனால் மிதிக்கப்படாதபடிக்கு அவன் காலிலிருந்தும் எடுக்கப்படவில்லை. அவனுக்குச் சமமாயிருக்க அவன் பக்கத்திலிருந்தும், பாதுகாக்கப்பட அவன் கைக்குக் கீழிருந்தும், நேசிக்கப்பட அவன் இதயத்துக்கு அருகிலிருந்தும் எடுக்கப்பட்டாள். ஆகவே இப்பகுதி ஆண் பெண் முழுச் சமத்துவத்தைப் போதிக்கிறது."

இதில் எது தப்பு என்று உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

---

குழித்துறை வாசகர்

தங்கச்சி, பயப்பட ஒன்றுமில்லை. மாத்யூ ஹென்றி 1714-இல் இறந்துபோனார். முந்நூறு வருஷம் தாண்டிவிட்டது, காப்புரிமை கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம். இருந்தாலும் ஆசிரியருக்காக அந்த வாக்கியத்துக்கும் "மாத்யூ ஹென்றி" என்று ஒரு குறிப்பு போட்டுவிடுங்கள், அந்த வாக்கியத்தின் சொந்தக்காரர் அவர்தான். அப்புறம் சில சொற்களை மாற்றுங்கள். "மிதிக்கப்படாதபடிக்கு" என்பதை "ஒடுக்கப்படாமலிருக்க" என்று வைத்தால் நடை வேறாகிவிடும். அவ்வளவுதான் வேலை.

---

வள்ளியாற்றங்கரை

நான் இறையியல் வகுப்பில் இருபது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். ஆய்வேடு பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

குழித்துறைக்காரர் சொன்னதில் பாதி சரி. காப்புரிமை இல்லை என்பது உண்மைதான். அதனால் ஹென்றியின் உரை முழுவதையும் நீ தமிழில் பெயர்த்துப் புத்தகமாகப் போட்டாலும் எந்த நீதிமன்றமும் கேட்காது. ஆனால் உன் ஆசிரியர் கேட்பது சட்டக் கேள்வி இல்லை. இந்த எண்ணம் யாருடையது, இந்த வரிசை யாருடையது, நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்கிறார். காப்புரிமை காலாவதி ஆகும். யார் சொன்னது என்ற உண்மை காலாவதி ஆகாது.

சொல்லை மாற்றினால் போதும் என்று அவர் சொன்னது முழுத் தப்பு. எப்படி என்று உன் பத்தியை வைத்தே பார்ப்போம். தலை, கால், பக்கம், கை, இதயம் என்று ஐந்து உறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். முதல் இரண்டு மறுப்பு, பிந்திய மூன்று உடன்பாடு. இந்த எலும்புக்கூடு முழுவதும் ஹென்றியுடையது. நீ மேலே தமிழ்த் தோல் போர்த்தியிருக்கிறாய். நம் உரை மரபின் பேச்சில் சொன்னால், நீ பதவுரை செய்துவிட்டுப் பொழிப்புரை என்று பெயர் வைத்திருக்கிறாய். சொல்லுக்குச் சொல் வந்தால் அது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு தப்பே இல்லை. ஆனால் அதை மேற்கோள் குறிக்குள் போட்டு, "தமிழாக்கம் என்னுடையது" என்று குறிப்பில் சொல்ல வேண்டும். குறி இல்லாமல் விட்டால், அந்த அழகான அடுக்கை நீயே கட்டினாய் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். மூலம் ஆங்கிலம், நீ எழுதுவது தமிழ் என்பதால் இந்தக் கடன் குறையாது.

பத்தி முடிவில் அடிக்குறிப்பு இருக்கிறது என்கிறாய். அந்தக் குறிப்பு எந்த வாக்கியத்தில் தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? உன் கடைசி வாக்கியம் "ஆகவே இப்பகுதி முழுச் சமத்துவத்தைப் போதிக்கிறது" என்பது. குறிப்பு எண் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அந்த முடிவு ஹென்றியுடையது என்று ஆகிறது. அவர் அப்படிச் சொன்னாரா?

அதற்கு முன் ஒன்று கேட்கணும். நீ படித்தது முழு உரையா, சுருக்கப் பதிப்பா?

---

தோவாளைப்பூ

ஐயா, மிகவும் நன்றி. போனில் இருக்கும் ஒரு வேதாகமச் செயலியில் படித்தேன். அதில் "Matthew Henry" என்று மட்டும் இருந்தது. நீங்கள் கேட்ட பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன், அது சுருக்கப் பதிப்புதான். அடிக்குறிப்பில் நான் போட்டிருப்பதோ நூலகப் பட்டியலில் பார்த்த முழு உரையின் விவரம்.

---

வள்ளியாற்றங்கரை

அதைச் சொன்னதற்கு நன்றி, மக்களே. அந்தக் குறிப்பை முதலில் திருத்து. எது உன் கையில் இருந்ததோ அதைத்தான் குறிப்பில் காட்ட வேண்டும்.

இப்போது முழு உரையைத் திறந்து, ஆதியாகமம் 2:21–25 பகுதியை முதலிலிருந்து படி. கல்யாண வாக்கியம் தனியாக வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு முன்னால் அவர் ஆதாம் முந்திப் படைக்கப்பட்டதையும், ஏவாள் ஆணிலிருந்தும் ஆணுக்காகவும் படைக்கப்பட்டதையும் எடுத்துக்கொள்கிறார். பவுலின் நிருபங்களைச் சுட்டி, இவை பெண்களின் தாழ்மைக்கும் அடக்கத்துக்கும் அமைதிக்கும் கீழ்ப்படிதலுக்கும் காரணங்களாக அங்கே வைக்கப்படுகின்றன என்கிறார். மனைவி தன் கணவனுக்குக் காட்ட வேண்டிய பணிவையும் சேர்த்துச் சொல்கிறார். அப்புறம் "ஆயினும்" என்று திரும்புகிறார். படைப்புகளில் கடைசியாக வந்தவன் மனிதன், அதனால் அவன் சிறந்தவன். அப்படியானால் அவனுக்கும் பிறகு, அவனிலிருந்தே வந்தவளுக்கு அது பெருமை சேர்க்கிறது. ஆண் தலை என்றால் அவள் கிரீடம். ஆண் சுத்திகரித்த மண், பெண் இருமுறை சுத்திகரித்த மண். இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் விலா எலும்பு வாக்கியம் வருகிறது.

அந்த "ஆயினும்" உன் பேப்பரில் எங்கே? முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை மட்டும் எடுத்தால், ஒரு சொல்கூடத் திருடாமலேயே ஹென்றியை அவர் சொல்லாததைச் சொல்ல வைத்துவிடுவாய். உரைகளைச் சுருக்கி எழுதும்போது நடக்கிற பெரிய தப்பு இதுதான் என்பது என் அனுபவம். திருட்டை நிறையப் பேர் தேடுகிறார்கள், இதைத் தேடுவதில்லை.

இன்னொன்று. குழித்துறைக்காரர் "சொந்தக்காரர்" என்றாரே, அதுவும் நிற்காது. 1160-இல் இறந்த இறையியலாளர் பேதுரு லொம்பார்டு தன் "வாக்கியங்கள்" இரண்டாம் நூலில், பதினெட்டாம் பிரிவில், பெண் தலையிலிருந்தும் காலிலிருந்தும் எடுக்கப்படாமல் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது ஏன் என்று பேசுகிறார். அவள் எஜமானியும் அல்ல, அடிமையும் அல்ல, துணை என்பது அவர் விடை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினாஸ் தன் "சும்மா தியாலஜிகா" என்ற நூலின் முதல் பாகம், 92-ஆம் கேள்வி, மூன்றாம் பிரிவில் அதே தலையையும் காலையும் எடுக்கிறார். ஆனால் அவருக்கு இரண்டாவது காரணம் ஒன்று உண்டு: சிலுவையில் உறங்கிய கிறிஸ்துவின் விலாவிலிருந்து இரத்தமும் தண்ணீரும் வந்தன, அவற்றின் மேல் சபை நிறுவப்பட்டது. ஹென்றிக்கு இந்த அச்சு மரபாக வந்து சேர்ந்திருக்கிறது. கையையும் இதயத்தையும் சேர்த்து நீட்டிய வடிவம் அவர் உரையில் இருக்கிறது. ஆகவே "ஹென்றி முதன்முதலில் சொன்னார்" என்று எழுதாதே. "ஹென்றியின் உரையில் இந்த வடிவம் வருகிறது" என்று எழுது.

---

முளகுமூடு அண்ணாச்சி

நான் சபையில் உபதேசியாராக ஊழியம் செய்கிறேன். இந்த வாக்கியத்தை எத்தனையோ கல்யாணத்தில் சொல்லியிருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவரும் சொன்னார், அவரிடம் கேட்டுத்தான் எனக்கு வந்தது. மாத்யூ ஹென்றி பெயரையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். இதைத் திருட்டு என்று சொன்னால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பிரசங்க பீடத்தில் நின்று பக்க எண் சொல்ல முடியுமா? வேத சத்தியம் எல்லோருக்கும் பொதுவானது இல்லையா?

---

வள்ளியாற்றங்கரை

அண்ணாச்சி, உங்களை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. பிரசங்கத்தின் இலக்கணம் வேறு. அங்கே கேட்கிறவர்கள் மணமக்களுக்கு ஆசீர்வாதம் தேடி வந்தவர்கள், இந்தச் சிந்தனை எந்த நூற்றாண்டில் பிறந்தது என்று மதிப்பெண் போட வந்தவர்கள் இல்லை. இந்தப் பெண் எழுதுவதோ, யார் எப்போது எப்படி வாசித்தார்கள் என்பதைப் பற்றியே ஒரு கட்டுரை. அங்கே பெயர்தான் பொருளே.

ஆனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. "பழைய உரையாசிரியர் ஒருவர் சொல்கிறார்" என்று முன்னால் ஒரு வார்த்தை போட்டால் நல்லது. ஏனென்றால் நீங்கள் சொல்வது ஆதியாகமத்தில் இருக்கிற வசனம் என்றே பல பேர் நம்புகிறார்கள். "தேவனாகிய கர்த்தர் தாம் மனுஷனில் எடுத்த விலா எலும்பை மனுஷியாக உருவாக்கி, அவளை மனுஷனிடத்தில் கொண்டுவந்தார்" என்பதோடு வசனம் நின்றுவிடுகிறது. தலையும் காலும் வசனத்தில் இல்லை.

---

முளகுமூடு அண்ணாச்சி

அது சரிதான், வசனத்தில் இல்லை. முன்னால் "பெரியவர்கள் சொல்வார்கள்" என்று சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் பொதுவாகிப்போன ஒன்றுக்கு ஆள் பெயர் தேடுவது ஏன் என்று எனக்கு இன்னும் முழுசாக மனசு ஒப்பவில்லை.

---

திருப்பதிசாரம் வழி

நான் தமிழ்த்துறை. கேள்வி வேதாகமத்தைப் பற்றியது என்றாலும், எனக்கு நடந்ததைச் சொன்னால் தோவாளைப்பூவுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரைத் திருவாய்மொழியில் நம்மாழ்வார் "வருவார் செல்வார் வண்பரிசாரத்து இருந்த" என்று பாடியிருக்கிறார். எட்டாம் பத்து, மூன்றாம் திருவாய்மொழி, ஏழாம் பாட்டு. முதுகலையில் அந்தப் பதிகத்தின் உரைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினேன். நம்பிள்ளையின் ஈடு என்ற உரை வடசொல் கலந்த மணிப்பிரவாள நடை. எனக்கு அது ஓடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட புருஷோத்தம நாயுடுவின் "ஈட்டின் தமிழாக்கம்" நூலகத்தில் இருந்தது. அதைப் படித்து, அதைச் சுருக்கி, அடிக்குறிப்பில் "ஈடு" என்று மட்டும் போட்டேன். அதுதான் மூல நூல் என்பதால் அதைக் காட்டினால் கௌரவம் என்று நினைத்தேன்.

வாய்மொழித் தேர்வில் ஒரு சொல்லைக் காட்டி, "நம்பிள்ளை இந்த இடத்தில் இந்தச் சொல்லையா போட்டிருக்கிறார்?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அது நாயுடுவின் சொல். ஈட்டில் இருந்தது வடசொல். நான் இரண்டு பேருக்கு அநியாயம் செய்திருந்தேன். நாயுடுவின் உழைப்பை மறைத்தேன், நம்பிள்ளை வாயில் அவர் சொல்லாத சொல்லை வைத்தேன். அதற்குப் பிறகு "நம்பிள்ளை, ஈடு, புருஷோத்தம நாயுடுவின் தமிழாக்கம் வழி" என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஈடு நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏட்டில் எழுதியது. அப்படியானால் நடை யாருடையது? இதற்கு எனக்கு இன்னும் தெளிவான விடை இல்லை. "நம்பிள்ளை இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்" என்று எழுதுவதைத் தவிர்க்கிறேன், "ஈட்டில் இந்தச் சொல் வருகிறது" என்று எழுதுகிறேன்.

---

தோவாளைப்பூ

அண்ணா, இது எனக்கு நேராகப் பொருந்துகிறது. பேதுரு லொம்பார்டு லத்தீன். எனக்கு லத்தீன் தெரியாது. வள்ளியாற்றங்கரை ஐயா சொன்னார் என்பதற்காக நான் பார்க்காத புத்தகத்தின் பிரிவு எண்ணைக் குறிப்பில் போட இருந்தேன்.

---

வள்ளியாற்றங்கரை

போடாதே. அக்குவினாஸின் அந்தப் பிரிவு ஒரு பக்கம்கூட வராது, ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கும். அதை நீயே படித்து நேராகக் காட்டு. லொம்பார்டை எந்தப் புத்தகத்தில் பார்க்கிறாயோ, அதன் வழியாக என்று சொல்லிக் காட்டு. எதிலும் பார்க்காவிட்டால் விட்டுவிடு. ஒரு பெயர் குறைவதால் உன் கட்டுரை விழுந்துவிடாது.

---

நூலக மேசை

நான் கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். ஒற்றுமை பார்க்கும் மென்பொருளில் கட்டுரைகளை ஏற்றுவது என் வேலைகளில் ஒன்று. மாணவர்கள் எல்லோரும் வந்து கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை சதவீதம் வரை போகலாம்?" என்பது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்று இருக்கிறது. அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும், அதற்கும் மேலே போகப் போகத் தண்டனை கூடும். இதைப் படித்துவிட்டு 9 சதவீதம் திருடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அடையாளம் காட்டிய மேற்கோள்களைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்கச் சொல்கிறது. அப்புறம், அந்த விதிமுறை ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரை போன்றவற்றுக்கு. வகுப்பு ஒப்படைப்பு, பருவக் கட்டுரை, பாடப்பணி எல்லாம் அதில் சேராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே செமினார் பேப்பருக்கு உங்கள் ஆசிரியரும் கல்லூரியும் சொல்வதுதான் அளவு.

தோவாளைப்பூவின் பத்தியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்ததை மென்பொருள் பெரும்பாலும் பிடிக்காது. அந்தப் பத்திக்கு ஒன்றும் வராமல் போகலாம். அதே சமயம், வேதாகம வசனங்களை முழுசாகப் போட்ட பக்கம் சிவப்பாக வரும். நேர்மையான பக்கம் சிவப்பு, கடன் மறைத்த பக்கம் வெள்ளை. அறிக்கையை மட்டும் பார்த்துத் தைரியம் அடைந்தவர்கள் பிறகு ஆசிரியர் கையில் மாட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உரையை ஏற்கெனவே படித்த மனிதர்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்.

---

குழித்துறை வாசகர்

எனக்கும் இது புதிது. காப்புரிமையும் இதுவும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு சந்தேகம். எலும்புக்கூடே எடுக்கக்கூடாது என்றால், உரையாசிரியர் சொன்னதை எப்படித்தான் சுருக்கிச் சொல்வது? வரிசையைக் குழப்பினால் தப்பாகிவிடும், அதே வரிசையில் சொன்னால் திருட்டு என்கிறீர்கள்.

---

வள்ளியாற்றங்கரை

நல்ல கேள்வி. வரிசையைச் சொல்லலாம், ஆனால் அது அவருடைய வரிசை என்று சொல்லிச் சொல்ல வேண்டும். "ஹென்றி முதலில் இதை எடுக்கிறார், பிறகு இப்படித் திரும்புகிறார்" என்று நீ எழுதும்போது, வரிசையே நீ தருகிற செய்தி ஆகிவிடுகிறது. அதை யாரும் திருட்டு என்று சொல்ல முடியாது.

நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழி இது. பகுதியை இரண்டு தடவை முழுசாகப் படி. புத்தகத்தை மூடு. எழுந்து போய் ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு வா. வந்து உட்கார்ந்து, இவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று ஒரே வாக்கியம் எழுது. ஹென்றிக்கு அது "பிந்திப் படைக்கப்பட்டதால் பெண் தாழ்ந்தவளா?" என்பது போல ஏதோ ஒன்றாக இருக்கும். அதிலிருந்து பத்தியை எழுது. அப்புறம் புத்தகத்தைத் திற. அவர் சொல்லாதது எதையாவது சேர்த்துவிட்டாயா, அவர் சொன்ன நிபந்தனை எதையாவது விட்டுவிட்டாயா, அவர் மெதுவாகச் சொன்னதை நீ அழுத்திச் சொல்லிவிட்டாயா என்று பார். அவருக்கே உரிய சொல் ஏதாவது உன் பத்திக்குள் வந்திருந்தால், உதாரணமாக அந்த "இருமுறை சுத்திகரித்த மண்", அதை மட்டும் மேற்கோள் குறிக்குள் போடு. மூடாமல், பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதினால் கண் தானாக அவர் வாக்கியத்துக்குப் போகும். எனக்கே போகும்.

தமிழில் எழுதுவதால் வருகிற சிக்கல் ஒன்று உண்டு. நம் மொழியில் "என்று ஹென்றி கூறுகிறார்" என்பது கடைசியில்தான் வரும். நாலு வரி நீண்ட வாக்கியம் என்றால், அந்த நாலு வரியும் நீ பேசுவதாகவே வாசிப்பவர் படித்துக்கொண்டு வருவார். பெயரை முன்னால் வை. "ஹென்றியின் உரையில்" என்று தொடங்கு. உன் கருத்துக்கு வரும்போது "எனக்குத் தோன்றுவது" என்று தயங்காமல் எழுது. "எனலாம்", "கருதப்படுகிறது" என்று ஆளில்லாத வினையில் முடிக்கிற பழக்கம் நம் ஆய்வுக் கட்டுரைகளில் நிறைய இருக்கிறது. யார் கருதுகிறார்? அந்த இடத்தில்தான் அவர் கருத்தும் உன் கருத்தும் கலந்துபோகும்.

---

தோவாளைப்பூ

நேற்று இரவு முழு உரையைப் படித்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதினேன். தயவுசெய்து பாருங்கள்.

"ஆதியாகமம் 2:21–25-க்கான உரையில் மாத்யூ ஹென்றி, பெண் பிந்திப் படைக்கப்பட்டதால் அவள் ஆணுக்கு அடிமை என்று வலியுறுத்துகிறார். 1 தீமோத்தேயு 2-க்கான உரையிலும் அவர் இதையே கூறுகிறார். எபிரெயத்தில் 'ட்சேலா' என்ற சொல் எலும்பை அல்ல, பக்கத்தையே குறிக்கும். ஆகவே பெண் ஆணின் ஒரு பாதி என்பதால் ஹென்றி அவளைச் சமம் என்கிறார். எனினும் அவர் கருத்தில் முரண்பாடு உள்ளது."

---

வள்ளியாற்றங்கரை

முன்னைவிட எவ்வளவோ மேல். குரல் உன்னுடையது. ஆனால் இப்போது ஊசல் அந்தப் பக்கம் போய்விட்டது.

"அடிமை" என்று அவர் சொல்லவில்லை. காலால் மிதிக்கப்படுவதற்காக அல்ல என்று சொன்னவர் அவர்தானே. கீழ்ப்படிதல், மரியாதை என்பவைதான் அவர் சொற்கள். சொல்லின் எடையை நீ கூட்டக்கூடாது.

"அவர் வலியுறுத்துகிறார்" என்பதையும் பார். பவுலின் நிருபங்களில் இவை காரணங்களாக வைக்கப்படுகின்றன என்று சுட்டி, அதை ஏற்றுக்கொண்டு போகிறார். ஏற்பதும் வலியுறுத்துவதும் ஒன்றல்ல.

1 தீமோத்தேயு விஷயத்தில் நிறையப் பேர் விழுகிறார்கள். ஹென்றி அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் எழுதி முடித்தார். ரோமர் முதல் வெளிப்படுத்தல் வரை அவர் இறந்த பிறகு வேறு போதகர்கள் எழுதிச் சேர்த்தார்கள். அட்டையில் ஹென்றி பெயர்தான் இருக்கும். ஆகவே அந்த நிருபத்தின் உரையை "ஹென்றி கூறுகிறார்" என்று எழுதினால், உன் குறிப்பு நேர்மையாக இருந்தும் ஆள் தவறிவிடும். ஆதியாகம உரைக்குள்ளேயே அவர் பவுலைச் சுட்டுகிற இடத்தோடு நின்றுகொள்.

அப்புறம் "ட்சேலா". அந்தச் சொல்லுக்குப் பக்கம் என்ற பொருள் உண்டு, யாத்திராகமம் 25:12-இல் உடன்படிக்கைப் பெட்டியின் பக்கத்துக்கும் அதே சொல்தான் வருகிறது. உண்மையான செய்தி. ஆனால் அது நீ வேறு புத்தகத்தில் படித்தது. ஹென்றி விலா எலும்பு என்றே எடுத்துக்கொண்டு பேசுகிறார். அந்தச் சொல்லாராய்ச்சியை அவருடைய "ஆகவே" ஆக்கிவிட்டாய். அதைத் தனி வாக்கியமாக்கி, எங்கே படித்தாயோ அந்தப் புத்தகத்தைக் காட்டு.

---

கோட்டாறு டீச்சர்

ஐயாவோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. ஹென்றி "சமம்" என்ற சொல்லை வெளிப்படையாகப் போட்டிருக்கிறார். அதை "முன்னால் சொன்ன பணிவோடு சேர்த்து வாசி" என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லின் பலத்தைக் குறைக்கிறோமோ என்று பயமாக இருக்கிறது. அக்குவினாஸ் அந்தப் பிரிவில் சமம் என்று சொல்லவில்லை. பெண் ஆணை ஆளக்கூடாது, ஆண் அவளை அடிமைபோல் இழிவாக நடத்தக்கூடாது என்பதோடு நிற்கிறார். அதே தலை, அதே கால், ஆனால் ஹென்றியிடம் ஒரு புதுச் சொல் ஏறியிருக்கிறது. அது சின்ன விஷயமா? தோவாளைப்பூ அந்த வித்தியாசத்தைத்தான் கட்டுரையின் மையமாக வைக்கணும் என்பேன்.

பழைய யூத உரையான ஆதியாகம ரப்பா 18:2-ஐயும் பார்க்கச் சொல்கிறேன். அங்கேயும் இதே அச்சுதான்: தலையிலிருந்து எடுத்தால் கர்வம் வரும், கண்ணிலிருந்து எடுத்தால், காதிலிருந்து எடுத்தால் என்று போய், கடைசியில் மறைவான இடத்திலிருந்து எடுக்கப்பட்டாள், அடக்கம் வேண்டும் என்பதற்காக என்று முடிகிறது. சமத்துவப் பேச்சே இல்லை. ஒரே அச்சில் வார்த்தாலும் சிலை வேறு. இதை "எல்லா உரையாசிரியர்களும் இப்படிச் சொன்னார்கள்" என்று ஒரே வாக்கியத்தில் சுருக்கினால் மூவருமே தொலைந்துபோவார்கள்.

---

வள்ளியாற்றங்கரை

டீச்சர், நீங்கள் சொன்ன ஒப்பீடு நல்ல ஒப்பீடு. அந்தச் சொல்லுக்கு எடை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் எதில் சமம் என்கிறார், மதிப்பிலா, அதிகாரத்திலா என்று அந்தப் பக்கத்தில் விளக்கவில்லை. அதை நாம் நிரப்பக்கூடாது என்பதுதான் என் கவலை.

---

கோட்டாறு டீச்சர்

விளக்கவில்லை என்பதையே அவள் எழுதட்டும். ஆனால் முன்னால் சொன்னது பின்னால் சொன்னதைக் கட்டுப்படுத்தும் என்பதும் நாம் நிரப்புவதுதானே ஐயா. பின்னால் சொன்னது முன்னால் சொன்னதைத் தளர்த்துகிறது என்றும் வாசிக்கலாம்.

---

தோவாளைப்பூ

மூன்றாம் தடவை எழுதினேன். அக்குவினாஸ் பிரிவையும் படித்துவிட்டேன். டீச்சர் சொன்ன ரப்பாவுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தால் சேர்ப்பேன், கிடைக்காவிட்டால் விட்டுவிடுவேன்.

"ஆதியாகமம் 2:21–25-க்கான முழு உரையில் மாத்யூ ஹென்றி, படைப்பின் வரிசையை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார். ஏவாள் பிந்தியும் ஆதாமிலிருந்தும் படைக்கப்பட்டது பவுலின் நிருபங்களில் பெண்ணின் பணிவுக்குக் காரணமாகக் காட்டப்படுவதை அவர் ஏற்கிறார். உடனே அதே வரிசையை அவளுடைய பெருமைக்கும் ஆதாரமாக்கி, அவளை 'இருமுறை சுத்திகரித்த மண்' என்கிறார் (தமிழாக்கம் என்னுடையது). நம் திருமண ஆராதனைகளில் கேட்கப்படும் தலை, கால், விலா பற்றிய வாக்கியம் இவற்றுக்குப் பிறகே அவர் உரையில் வருகிறது. தலையும் காலும் அக்குவினாஸிடமும் உண்டு. ஆனால் அக்குவினாஸின் அந்தப் பிரிவில் இல்லாத 'சமம்' என்ற சொல் ஹென்றியிடம் இருக்கிறது. எதில் சமம் என்பதை ஹென்றி இங்கே விளக்கவில்லை. பணிவைப் பற்றி முன்னால் சொன்னது இச்சொல்லைக் கட்டுப்படுத்துகிறதா, இச்சொல் அதைத் தளர்த்துகிறதா என்பதை இந்தப் பகுதியை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது என்று எனக்குத் தோன்றுகிறது."

இரண்டு குறிப்பு எண்கள் போட்டிருக்கிறேன். ஒன்று "என்கிறார்" பக்கத்தில் ஹென்றிக்கு, ஒன்று அக்குவினாஸ் பெயருக்குப் பக்கத்தில். கடைசி வாக்கியத்துக்கு எண் இல்லை, அது என்னுடையது.

---

வள்ளியாற்றங்கரை

தலை, கால், விலா வாக்கியத்துக்கும், "சமம்" வருகிற இடத்துக்கும் ஹென்றியின் பக்கத்தை இன்னொரு தடவை காட்டு. நடுவில் அக்குவினாஸ் வந்துவிட்டதால் முதல் குறிப்பு அவ்வளவு தூரம் நீளாது. "பவுலின் நிருபங்களில்" என்பதோடு அவர் சுட்டுகிற அதிகார எண்களையும் கொடு. மற்றபடி நான் ஆசிரியராக இருந்தால் வட்டம் போட மாட்டேன்.

---

திருப்பதிசாரம் வழி

செயலியில் படித்த சுருக்கப் பதிப்பைக் குறிப்புகளிலிருந்து எடுத்துவிட்டீர்களா? மற்ற இரண்டு பத்திகளும் அதிலிருந்துதானே வந்தன?

---

தோவாளைப்பூ

ஆமாம் அண்ணா, அந்த இரண்டையும் இன்னும் தொடவில்லை. நாளைக்கு முழு உரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.